சம்பளம் உயர்ந்த பிறகும் ஓட்டுநர்கள் ஏன் பேருந்தில் ஏறவில்லை? ஊக்கக் கோட்பாடுகளை ஒரு சிங்கப்பூர் சம்பவத்தின் வழி புரிந்துகொள்வோம்

2012 நவம்பர் 26, திங்கட்கிழமை. உட்லண்ட்ஸ், சிராங்கூன் வட்டாரத் தங்குவிடுதிகளில் இருந்த எஸ்எம்ஆர்டி பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் அன்று வேலைக்குச் செல்ல மறுத்தனர். அனைவரும் சீனாவிலிருந்து வந்தவர்கள். 1986ஆம் ஆண்டுக்குப் பிறகு சிங்கப்பூரில் நடந்த முதல் வேலைநிறுத்தம் அது.

அந்த ஆண்டில் அவர்களுடைய சம்பளம் குறைக்கப்படவில்லை, உயர்த்தப்பட்டிருந்தது. பிறகு ஏன் அவர்கள் வேலையை மறுத்தார்கள்?

பகலில் வேலை, மாலையில் பட்டயக் கல்வி அல்லது பட்டப்படிப்பு என்று ஓடும் நம் வாசகர்கள் பலருக்கு ‘நிறுவன நடத்தையியல்’ ஒரு கட்டாயப் பாடம். அதில் ‘ஊக்கம்’ பற்றிய வகுப்பு வரும்போது மாஸ்லோவின் பிரமிடு, ஹெர்ஸ்பெர்க்கின் இரு காரணிகள், ஆடம்ஸின் சமநீதி, வ்ரூமின் எதிர்பார்ப்பு என ஸ்லைடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆண்டு, ஒரு படம், நான்கு வரிகள். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் எந்தக் கோட்பாட்டை எந்தச் சூழ்நிலைக்குப் பொருத்துவது என்பது குழப்பமாகவே இருக்கும்.

இந்தக் கட்டுரை நான்கு ஸ்லைடுகளையும் 2012 சம்பவத்தின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறது. எது எதை விளக்குகிறது, எது எங்கே கைவிடுகிறது என்பது அப்போது தெரியும்.

என்ன நடந்தது?

ஓட்டுநர்களின் முதன்மையான குறை சம்பள வேறுபாடு. சீன ஓட்டுநர்களின் மாத அடிப்படைச் சம்பளம் 1,075 வெள்ளி என்றும் மலேசிய ஓட்டுநர்களுடையது 1,400 வெள்ளி என்றும் அப்போது செய்திகள் வெளியாயின. இரு தரப்பினரும் ஓட்டியது ஒரே வகைப் பேருந்துகளைத்தான். அந்த ஆண்டு இரு தரப்பினருக்கும் சம்பளம் உயர்ந்தது. ஆனால் சீன ஓட்டுநர்களுக்குக் கிடைத்த உயர்வு குறைவு.

நிறுவனம் இதற்கு விளக்கம் அளித்தது. மலேசிய ஓட்டுநர்கள் நிரந்தர ஊழியர்கள். சீன ஓட்டுநர்கள் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்களுக்குத் தங்குமிடம், மின்சாரம், தண்ணீர், வேலைக்குச் சென்றுவரும் போக்குவரத்து ஆகியவற்றை நிறுவனமே ஏற்கிறது. ஆகவே இரண்டு சம்பளத்தையும் நேரடியாக ஒப்பிட முடியாது என்பது அந்த விளக்கம்.

தங்குமிடத்திலும் குறைகள் இருந்தன. மூட்டைப்பூச்சித் தொல்லை பற்றி ஓட்டுநர்கள் புகார் சொன்னார்கள். வெவ்வேறு நேரப் பணிகளில் இருப்பவர்கள் ஒரே அறையில் தங்கியதால், ஒருவர் தூங்கும் நேரத்தில் இன்னொருவர் வேலைக்குக் கிளம்புவார். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்பது ஆறு நாளாக மாறியதிலும் மனத்தாங்கல் இருந்தது.

பேருந்துச் சேவை அத்தியாவசியச் சேவை. அதில் வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்பது சட்டம். அறிவிப்பு தரப்படாததால் அது சட்டவிரோத வேலைநிறுத்தமானது. ஐவர்மீது குற்றம் சாட்டப்பட்டு அவர்கள் சிறை சென்றனர். 29 பேரின் வேலை அனுமதி ரத்தாகி அவர்கள் தாயகம் அனுப்பப்பட்டனர். நிர்வாகம் இதை இன்னும் நன்றாகக் கையாண்டிருக்கலாம் என்று எஸ்எம்ஆர்டியும் பின்னர் ஒப்புக்கொண்டது.

இனி ஸ்லைடுகளுக்கு வருவோம்.

முதல் ஸ்லைடு: மாஸ்லோவின் பிரமிடு

ஆப்ரஹாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் மனிதத் தேவைகளை ஐந்தாகப் பிரித்தார். உணவு, உறக்கம் போன்ற உடல் தேவைகள், பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்துதல். கீழே உள்ள தேவை ஓரளவு நிறைவடைந்த பிறகே மேலே உள்ளது மனத்தை ஆட்கொள்ளும் என்றார்.

ஸ்லைடில் இருக்கும் பிரமிடு அந்தக் கட்டுரையில் இல்லை. பின்னாளில் நிர்வாகவியல் எழுத்தாளர்கள் வரைந்தது அது. படம் வந்தபோது ஒரு தவறான எண்ணமும் உடன் வந்தது: ஒரு படியை முழுமையாக முடித்தால்தான் அடுத்த படியில் கால் வைக்க முடியும் என்பதே அது. மாஸ்லோ அப்படிச் சொல்லவில்லை. ஒரு சராசரி மனிதருக்கு உடல் தேவைகள் 85 விழுக்காடும் பாதுகாப்பு 70 விழுக்காடும் அன்பு 50 விழுக்காடும் நிறைவடைந்திருக்கலாம் என்று அவரே ஓர் உதாரணம் சொல்கிறார். எல்லாத் தேவைகளும் ஒரே நேரத்தில் அரைகுறையாக இருப்பதுதான் வாழ்க்கை.

பிரமிடை அப்படியே 2012 சம்பவத்துக்குப் பொருத்தினால் விடை தவறாகிவிடும். அயல்நாட்டில், ஒப்பந்தத்தில், ஒரே முதலாளியை நம்பி இருப்பவருக்கு வேலைப் பாதுகாப்புதான் நிறைவடையாத தேவை. ஆகவே அவர் வாயைத் திறக்காமல் வேலையைக் காப்பாற்றிக்கொள்வார் என்று பிரமிடு சொல்லும். நடந்தது நேர்மாறானது. வேலை போகலாம், ஊருக்கு அனுப்பப்படலாம் என்ற நிலையிலும் 171 பேர் அறையிலேயே இருந்தார்கள்.

அவர்கள் கேட்டது வெறும் பணம் என்று கொண்டால் அதுவும் கீழ்ப்படியிலேயே அடங்கிவிடும். ஆனால் பக்கத்துப் பேருந்தை ஓட்டுபவரைவிடத் தான் குறைத்து மதிப்பிடப்படுகிறோம் என்ற உணர்வு அந்தப் பணத்தோடு கலந்திருந்தது. ஒரே தொகைக்குள் பாதுகாப்பும் மதிப்பும் சேர்ந்தே இருக்க முடியும். ஒருவருக்கு என்னென்ன தேவைகள் இருக்கக்கூடும் என்று பட்டியலிட மாஸ்லோ உதவுவார். குறிப்பிட்ட நாளில் ஒருவர் என்ன செய்வார் என்பதைச் சொல்ல அவர் உதவமாட்டார்.

இரண்டாவது ஸ்லைடு: ‘சுகாதாரம்’ என்றால் கழிப்பறை அல்ல

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, 1959இல் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். வேலையில் மிக மகிழ்ச்சியாக இருந்த தருணத்தையும் மிக வெறுப்பாக இருந்த தருணத்தையும் விவரிக்கும்படி அவர்கள் கேட்டனர்.

இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு வகைப் பதில்கள் வந்தன. மகிழ்ச்சியான தருணங்களில் சாதனை, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம், வேலையின் தன்மை ஆகியவை இருந்தன. வெறுப்பான தருணங்களில் நிறுவனக் கொள்கை, மேலதிகாரியின் கண்காணிப்பு, சம்பளம், வேலைச்சூழல் ஆகியவை இருந்தன. முதல் வகையை ‘ஊக்கக் காரணிகள்’ என்றும் இரண்டாவது வகையை ‘சுகாதாரக் காரணிகள்’ என்றும் ஹெர்ஸ்பெர்க் பெயரிட்டார்.

தமிழில் படிப்பவர்களை இந்தச் ‘சுகாதாரம்’ என்ற சொல் தடுமாற வைக்கும். துப்புரவு, கழிப்பறை என்று நினைவு போகும். ஹெர்ஸ்பெர்க் இதை மருத்துவத்திலிருந்து உவமையாக எடுத்தார். சுத்தமான குடிநீர் காலரா வராமல் தடுக்கும். ஆனால் சுத்தமான நீரைக் குடிப்பதால் ஒருவர் பலசாலி ஆகிவிடமாட்டார். அதுபோலவே வேலைச்சூழல் சரியாக இருந்தால் வெறுப்பு வராது, அதனால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது. ‘தற்காப்புக் காரணிகள்’ என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டால் எளிதாக இருக்கும்.

இந்தச் சம்பவத்தில் தங்குவிடுதிக்கு இந்த ஸ்லைடு கச்சிதமாகப் பொருந்துகிறது. மூட்டைப்பூச்சியை ஒழிப்பதும், ஒரே நேரப் பணியாளர்களை ஒரே அறையில் தங்கவைப்பதும் தற்காப்புக் காரணிகளைச் சரிசெய்யும் வேலை. அதைச் செய்தால் வெறுப்பு சுழியத்துக்கு வரும். “பூச்சி இல்லாத கட்டில் கொடுத்தோம், இனி உற்சாகமாக ஓட்டுவார்கள்” என்று எந்த மேலாளரும் எதிர்பார்க்க முடியாது.

சம்பளத்தைப் பொறுத்தவரை இந்த ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடுகிறது. சம்பளம் குறைவாக இருந்தால் அதிருப்தி என்று அது சொல்லும். ஆனால் இங்கே சம்பளம் உயர்ந்த பிறகு அதிருப்தி முற்றியது. எவ்வளவு சம்பளம் குறைவு, யாரோடு ஒப்பிட்டுக் குறைவு என்ற கேள்விக்கு ஹெர்ஸ்பெர்க்கிடம் பதில் இல்லை.

அவருடைய ஆய்வு முறையிலும் ஒரு பலவீனம் உண்டு. நல்லது நடந்தால் “நான் சாதித்தேன்” என்பதும் கெட்டது நடந்தால் “நிறுவனம் சரியில்லை” என்பதும் மனித இயல்பு. பதில்கள் இரண்டாகப் பிரிந்ததற்கு அந்த இயல்பும் காரணமாக இருக்கலாம் என்று பிற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். இதைத் தேர்வில் எழுதினால் விடைக்கு எடை கூடும்.

மூன்றாவது ஸ்லைடு: பக்கத்தில் இருப்பவர் யார்?

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உளவியலாளராகப் பணியாற்றிய ஜே. ஸ்டேசி ஆடம்ஸ் 1963இல் சமநீதிக் கோட்பாட்டை வெளியிட்டார். ஒருவர் தன் சம்பளத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை என்பது அதன் அடிப்படை. தான் வேலைக்குக் கொடுப்பதையும் வேலையிலிருந்து பெறுவதையும் ஒரு விகிதமாகப் பார்க்கிறார். பிறகு அந்த விகிதத்தை இன்னொருவருடைய விகிதத்தோடு ஒப்பிடுகிறார்.

கொடுப்பது என்றால் நேரம், உழைப்பு, அனுபவம், திறன். பெறுவது என்றால் சம்பளம், சலுகைகள், மரியாதை, வேலைப் பாதுகாப்பு. இரண்டு விகிதங்களும் சமமாகத் தெரிந்தால் மனம் அமைதியாக இருக்கும். சமமில்லை என்று தெரிந்தால் அதைச் சரிசெய்ய மனம் வழி தேடும்.

‘தெரிந்தால்’ என்ற சொல்தான் இங்கு முக்கியம். உண்மைக் கணக்கு எதுவாக இருந்தாலும், ஊழியர் தன் மனத்தில் போடும் கணக்கின்படிதான் நடந்துகொள்கிறார்.

இன்னொரு கேள்வி, அந்த ‘இன்னொருவர்’ யார் என்பது. சீனாவில் அதே வேலை செய்பவரோடு ஒப்பிட்டிருந்தால் இந்த ஓட்டுநர்களுக்குச் சிங்கப்பூர்ச் சம்பளம் பெரியதாகவே தெரிந்திருக்கலாம். கப்பல்தளத்திலும் கட்டுமானத் தளத்திலும் வேலை செய்யும் நம் தமிழ்நாட்டு ஊழியர்களுக்கும் இது தெரிந்த கணக்குத்தான். வந்த புதிதில் ஊர்ச் சம்பளத்தோடு ஒப்பிடுவார்கள். ஓராண்டு ஆனதும் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவரின் சம்பளச் சீட்டோடு ஒப்பிடத் தொடங்குவார்கள். சம்பளம் மாறாமலேயே மனநிறைவு குறைவது இப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஸ்லைடில் ஆடம்ஸின் சூத்திரம் வெறும் பின்னமாக இருக்கும். எண்களைப் போட்டால் அது உயிர் பெறும்.

முதலில் ஓட்டுநரின் கணக்கு. அதே பேருந்து, அதே சாலை, அதே பொறுப்பு. ஆகவே இருவரும் கொடுப்பது சமம். பெறுவது 1,075க்கு எதிராக 1,400. மலேசிய ஓட்டுநர் 100 வெள்ளி பெறும்போது தமக்கு ஏறத்தாழ 77 வெள்ளிதான் என்று அவர் காண்கிறார்.

அடுத்து நிர்வாகத்தின் கணக்கு. வித்தியாசம் 325 வெள்ளி. தங்குமிடம், தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் 325 வெள்ளி மதிப்பு என்று வைத்துக்கொண்டால் இரு தரப்பும் சமம். விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண் இது, நிறுவனம் வெளியிட்டதல்ல.

இப்போது அதே கட்டிலை ஓட்டுநரின் கண்ணால் பாருங்கள். பூச்சி கடிக்கும், தூக்கம் கெடும் அறைக்கு அவர் மனத்தில் 100 வெள்ளி மதிப்புதான் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் பெறுவது 1,175. மலேசிய ஓட்டுநரின் 100 வெள்ளிக்கு அவருடையது 84 வெள்ளி. நிர்வாகத்தின் ஏட்டில் சமமாக இருப்பது அவர் மனத்தில் 16 வெள்ளி குறைகிறது.

தங்குவிடுதிக் குறையும் சம்பளக் குறையும் இரண்டு தனித்தனிப் புகார்கள் அல்ல என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. “உங்களுக்குத் தங்குமிடம் தருகிறோமே” என்பதுதான் குறைந்த சம்பளத்துக்கு நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தத் தங்குமிடமே மோசமாக இருந்தால் காரணமும் உடன் சரிகிறது. ஹெர்ஸ்பெர்க் ஸ்லைடை மட்டும் பார்ப்பவர் தங்குமிடத்தை ஒரு வரியிலும் சம்பளத்தை இன்னொரு வரியிலும் எழுதுவார். ஆடம்ஸ் இரண்டையும் ஒரே பின்னத்துக்குள் கொண்டுவருகிறார்.

நிரந்தர வேலை, ஒப்பந்த வேலை என்ற வேறுபாட்டிலும் இதே சிக்கல் உண்டு. குறைந்த சம்பளத்துக்கு அது நியாயமான காரணம் என்று நிர்வாகம் கருதியது. ஓட்டுநரின் கணக்கிலோ ஒப்பந்தம் என்பது வேலைப் பாதுகாப்பு குறைவு என்று பொருள். அதாவது, பெறுவதில் இன்னொரு குறை.

வழிகள் அடைபட்டபோது

விகிதம் சமமில்லை என்று உணர்பவர் என்ன செய்வார்? ஆடம்ஸ் பல வழிகளைப் பட்டியலிடுகிறார். அதிகச் சம்பளம் கேட்கலாம். உழைப்பைக் குறைக்கலாம். வேறு ஒருவரோடு ஒப்பிட்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். “அவருக்கு அனுபவம் அதிகம்” என்று கணக்கையே மாற்றிக்கொள்ளலாம். வேலையை விட்டு விலகலாம்.

மாணவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஊழியருக்கு இவற்றில் எந்த வழி திறந்திருந்தது என்று கேட்பதுதான் அடுத்த படி.

வேலை அனுமதி ஒரு முதலாளியோடு இணைந்தது என்பதால், விலகி வேறு பேருந்து நிறுவனத்தில் சேர்வது எளிதன்று. சீன ஓட்டுநர்களில் பெரும்பாலோர் தொழிற்சங்க உறுப்பினர்களாக இல்லாததால் கூட்டாகச் சம்பளம் கேட்கும் வழியும் குறுகலாக இருந்தது. மலேசிய ஓட்டுநர்களோடு தினமும் ஒரே பணிமனையில் நிற்பதால் ஒப்பீட்டைத் தவிர்க்கவும் முடியாது. பேருந்து ஓட்டுவதில் உழைப்பைக் கொஞ்சம் குறைப்பது என்பதும் நடக்காது. நேர அட்டவணை இருக்கிறது, பயணிகள் இருக்கிறார்கள். பேருந்தை ஓட்டலாம், அல்லது ஓட்டாமல் இருக்கலாம்.

இப்படி ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்த்தால், ஓட்டாமல் இருப்பது ஏன் கடைசி வழியாக மிஞ்சியது என்பது விளங்கும். அது சட்டத்துக்குட்பட்டதா என்பது வேறு கேள்வி. நீதிமன்றம் அதற்கு விடை சொல்லிவிட்டது.

மேலாளராக இருப்பவர்களுக்கு இதில் ஓர் அறிகுறி இருக்கிறது. புகார் வரவில்லை என்பதால் குறை இல்லை என்று கொள்ள முடியாது. கேட்கும் வழியும் விலகும் வழியும் இல்லாத ஊழியர்கள் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தை மனநிறைவாக எண்ணக்கூடாது.

விளக்கம் சொன்னால் மாறுமா?

“காரணத்தைச் சரியாக எடுத்துச் சொல்லியிருந்தால்?” என்று கேட்கத் தோன்றும். ஆடம்ஸின் கோட்பாடு யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைத்தான் பார்க்கிறது. எப்படி முடிவெடுத்தார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. இந்தக் குறையைப் பின்வந்தவர்கள் நிரப்பினார்கள்.

அவர்களில் ஒருவர் ஜெரால்ட் கிரீன்பெர்க். ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான மூன்று அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அவர் செய்த ஆய்வு 1990இல் வெளியானது. ஒப்பந்தங்கள் கைநழுவியதால் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரங்களுக்கு 15 விழுக்காடு சம்பளம் வெட்டப்பட்டது. முதல் தொழிற்சாலையில் தலைவரே நேரில் வந்து சுமார் ஒன்றரை மணி நேரம் நிலைமையை விளக்கினார், வருத்தம் தெரிவித்தார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இரண்டாவது தொழிற்சாலையில் கால் மணி நேரத்தில் அறிவிப்பு முடிந்துவிட்டது. மூன்றாவதில் சம்பள வெட்டு இல்லை.

பொருள்கள் எவ்வளவு காணாமல் போகின்றன என்பதைக் கிரீன்பெர்க் அளந்தார். சம்பளம் வெட்டப்பட்ட இரண்டு இடங்களிலும் திருட்டு கூடியது. ஆனால் சுருக்கமாகச் சொல்லி முடித்த இடத்தில் அது மிக அதிகமாகக் கூடியது. வேலையை விட்டுச் சென்றவர்களும் அங்கேதான் அதிகம். பழைய சம்பளம் திரும்பியதும் திருட்டு பழைய அளவுக்கு இறங்கியது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. மரியாதையான, முழுமையான விளக்கம் பாதிப்பைக் குறைக்கும். ஆனால் அதை முற்றிலும் போக்காது. நன்றாக விளக்கிய தொழிற்சாலையிலும் திருட்டு கூடத்தான் செய்தது.

நான்காவது ஸ்லைடு: பெருக்கல் கணக்கு

விக்டர் வ்ரூம் 1964இல் முன்வைத்த எதிர்பார்ப்புக் கோட்பாடு 2012 சம்பவத்தைவிட இன்றைய கடைத்தெருவுக்குக் கூடுதலாகப் பொருந்தும். ஆகவே சிராங்கூன் சாலைக்கு வருவோம்.

வ்ரூமின்படி ஒருவர் முயற்சி எடுக்கும் முன் மூன்று கேள்விகளை மனத்தில் கேட்கிறார். முயன்றால் என்னால் முடியுமா? முடித்தால் சொன்ன பலன் கிடைக்குமா? அந்தப் பலன் எனக்கு வேண்டுமா? மூன்று விடைகளும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. ஏதாவது ஒன்று சுழியமானால் மொத்தமும் சுழியம். மற்ற இரண்டும் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பயனில்லை.

சில்லறை வணிகத் துறைக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை 2022 செப்டம்பரில் வந்தது. பயிற்சி பெற்று, பொறுப்பு கூடி, அடுத்த நிலைக்குச் சென்றால் சம்பளமும் உயரும் என்பது அதன் அமைப்பு. வ்ரூமின் இரண்டாவது கேள்விக்கு எழுத்தில் தரப்பட்ட பதில் என்று இதைச் சொல்லலாம்.

தேக்கா அருகே நான்கு பேர் வேலை செய்யும் ஒரு துணிக்கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்தாண்டு அனுபவமுள்ள விற்பனையாளர் அக்கா ஒருவரைப் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார் கடைக்காரர். அவரால் படித்து முடிக்க முடியும், மேற்பார்வையாளர் ஆகவும் விருப்பம். ஆனால் நான்கு பேர் கடையில் மேற்பார்வையாளர் இடம் ஒன்றுதான், அதில் முதலாளியின் மைத்துனர் இருக்கிறார். இரண்டாவது கேள்வியின் விடை சுழியம். அக்கா பயிற்சிக்குப் போக மறுத்தால், “படிக்க ஆர்வமில்லை” என்று சொல்வது தவறு. அவர் பெருக்கிப் பார்த்துவிட்டார்.

அதே கடைக்கு மூன்றாவது ஸ்லைடையும் வைத்துப் பாருங்கள். புதிதாகச் சேரும் விற்பனையாளரின் சம்பளம் 2,000 வெள்ளியிலிருந்து 2,200க்கு உயர்கிறது, அக்காவின் 2,300 அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சம்பளத்தை யாரும் தொடவில்லை. ஆனால் பத்தாண்டு அனுபவத்துக்கான இடைவெளி 300 வெள்ளியிலிருந்து 100 ஆகிவிட்டது. தீபாவளி நெரிசலில் புதியவருக்குச் சேலை ரகங்களைச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். அடுத்த ஆண்டு அவர் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திக்கொண்டால், உழைப்பைக் குறைத்து விகிதத்தைச் சரிசெய்யும் வழியைத் தேர்ந்திருக்கிறார் என்று பொருள்.

விடைத்தாளிலும் வேலையிடத்திலும்

திருக்குறளில் ‘ஊக்கமுடைமை’ ஓர் அதிகாரம். அங்கே ஊக்கம் ஒருவருடைய உடைமை, அவருக்குள் இருப்பது. நம் பேச்சிலும் அதே பொருள்தான் முன்வருகிறது: “அவனுக்கு ஊக்கம் போதாது.” நிறுவன நடத்தையியலில் வரும் ஊக்கத்தை இந்தப் பொருளோடு மட்டும் படித்தால் பாதிதான் புரியும். ஊழியருக்கும் வேலையின் ஏற்பாட்டுக்கும் இடையில் நடப்பதை அந்தக் கோட்பாடுகள் ஆராய்கின்றன. 171 ஓட்டுநர்களும் ஒரே நாளில் ஊக்கத்தை இழந்த சோம்பேறிகள் அல்லர். நம் கற்பனைக் கடை அக்காவும் அப்படித்தான்.

ஆகவே தேர்வில் ஒரு வேலையிடச் சூழ்நிலையைக் கொடுத்து விளக்கக் கேட்டால், கோட்பாட்டின் பெயரிலிருந்து தொடங்காமல் அந்த ஊழியரின் குறையிலிருந்து தொடங்குங்கள். சூழல் சரியில்லை என்பது மட்டுமே குறை என்றால் ஹெர்ஸ்பெர்க் போதும். “அவருக்கு மட்டும் ஏன்?” என்ற கேள்வி எழுந்தால் ஆடம்ஸிடம் போகவேண்டும். அங்கே ஒப்பிடப்படுபவர் யார், கொடுப்பது என்ன, பெறுவது என்ன என்று இரண்டு பின்னங்களை எழுதிக் காட்டவேண்டும். “செய்து என்ன பயன்?” என்று ஒருவர் சொன்னால் அது வ்ரூமின் இடம். மூன்றில் எந்த விடை சுழியம் என்று கண்டுபிடிக்கவேண்டும். மாஸ்லோவை, வேறு எந்தத் தேவையை மறந்துவிட்டோம் என்று சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

கடையோ நிறுவனமோ நடத்துபவர்கள் சம்பள உயர்வை அறிவிக்கும் முன் ஒரு தாளை எடுத்து, உயர்வு பெறும் ஒவ்வொருவரும் யாருடைய சம்பளத்தைப் பார்ப்பார் என்று பெயருக்கு எதிரே எழுதிப் பார்க்கலாம். சலுகைகளை அந்தத் தாளில் சேர்க்கும்போது, அவற்றுக்கு நீங்கள் செலவிட்ட தொகையோடு ஊழியர் தரும் மதிப்பையும் கேட்டு எழுதுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், சம்பளத்தை அறிவிப்பதற்கு முன் தங்குமிடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.